நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகள்: வினாவைப் படித்து விடை காணும் முறை

அரசமைப்புச் சட்டத் தாளில் நெருக்கடி நிலையைப் பற்றி வரும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைந்திருக்கும். குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார். அதன் பின்னர் ஒருவருடைய தொழில் தடுக்கப்படுகிறது, இன்னொருவருடைய பத்திரிகை முடக்கப்படுகிறது, வேறொருவர் தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறார். இவர்களுக்கு நீதிமன்றத்தில் என்ன பரிகாரம் உண்டு என்று வினா முடியும். புதுச்சேரியிலும் கடலூரிலும் சட்டப் படிப்பின் தொடக்கத்தில் இருக்கும் மாணவர்களின் விடைகளைப் பார்த்து வருகிறேன். அவர்களில் பலர் முதல் வரியிலேயே "நெருக்கடி நிலையில் 20, 21 ஆகிய பிரிவுகள் நீங்கலாக அடிப்படை உரிமைகள் அனைத்தும் இடைநிறுத்தப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வாக்கியம் தவறு என்பதோடு, அதை எழுதிய பின் விடையில் சரியாகச் சொல்வதற்கும் எதுவும் மிஞ்சாது. பிரகடனம் என்ற ஒன்றினால் மட்டும் தானாகத் தளர்வது 19ஆம் பிரிவு ஒன்றுதான். அதுவும் எல்லாப் பிரகடனங்களிலும் அன்று. மற்ற உரிமைகளைத் தொட வேண்டுமானால் குடியரசுத் தலைவர் தனியாக ஓர் ஆணை பிறப்பித்து, எந்தெந்த உரிமை என்று அதில் பெயர் சொல்லியாக வேண்டும்.

இந்த வேறுபாடு 358, 359 ஆகிய இரண்டு பிரிவுகளுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு வினாவை எடுத்துக்கொண்டு இந்த இரு பிரிவுகளையும் எந்த வரிசையில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதையே இங்கே விளக்குகிறேன்.

எந்த நெருக்கடி நிலை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பகுதியில் மூன்று வகை நிலைகள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் 352ஆம் பிரிவின் கீழ் வரும் தேசிய நெருக்கடி நிலை மட்டுமே 358, 359 ஆகிய பிரிவுகளுக்கு உயிர் கொடுக்கும். ஒரு மாநிலத்தில் 356ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தாலும், 360ஆம் பிரிவின் கீழ் நிதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டாலும், அவற்றால் மட்டும் எந்த அடிப்படை உரிமையும் தளர்வதில்லை. நிதி நெருக்கடி நிலை இதுவரை ஒருமுறைகூட அறிவிக்கப்பட்டதில்லை என்பதால் குழப்பம் பெரும்பாலும் 356ஆம் பிரிவைச் சுற்றியே எழுகிறது.

நம் பகுதியில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமும் உண்டு. 2021 பிப்ரவரியில் புதுச்சேரி அமைச்சரவை பெரும்பான்மையை இழந்ததைத் தொடர்ந்து இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதை நேரில் கண்டவர்கள் அதையே நெருக்கடி நிலை என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியாக இருப்பதால் அந்த நடவடிக்கை 356ஆம் பிரிவின் கீழ்கூட எடுக்கப்படவில்லை. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தின் 51ஆம் பிரிவின் கீழ் எடுக்கப்பட்டது. அந்த நாட்களில் புதுச்சேரியில் ஒருவர் கைது செய்யப்பட்டிருந்தால் அவருக்கு 14, 19, 21, 22 ஆகிய அனைத்துப் பிரிவுகளும் வழக்கம்போலக் கைகொடுத்திருக்கும். இதற்கு மாறாக, 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக அரசு 356ஆம் பிரிவின் கீழ் கலைக்கப்பட்டபோது நாடு முழுவதும் 352ஆம் பிரிவின் பிரகடனமும் நடப்பில் இருந்தது. அப்போது கடலூரில் இருந்த ஒருவருடைய உரிமைகள் சுருங்கியிருந்ததற்குக் காரணம் அந்த 352ஆம் பிரிவின் பிரகடனமே தவிர, மாநில அரசு கலைக்கப்பட்டதன்று.

அடுத்தது காரணமும் காலமும்

352ஆம் பிரிவின் பிரகடனம் என்பது உறுதியானதும், அது எந்தக் காரணத்தைச் சொல்லிப் பிறப்பிக்கப்பட்டது என்று வினாவில் தேடுங்கள். இன்றைய சட்டப்படி காரணங்கள் மூன்று: போர், வெளி ஆக்கிரமிப்பு, ஆயுதக் கிளர்ச்சி. மூன்றாவது காரணத்தின் இடத்தில் முன்பு "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொற்கள் இருந்தன. 1975 ஜூன் 25 அன்றைய பிரகடனம் அந்தச் சொற்களின் மீதே எழுந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அந்தச் சொற்களை நீக்கி, ஆயுதக் கிளர்ச்சி என்ற இறுக்கமான காரணத்தை வைத்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதையும், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்புதல் தர வேண்டும் என்பதையும் அதே திருத்தம்தான் கொண்டுவந்தது. 1975இல் பிரகடனம் இரவில் கையெழுத்தாகி, அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடியது என்பதை நினைவில் கொண்டால் இந்த நிபந்தனைகள் ஏன் வந்தன என்பது விளங்கும்.

காரணத்தைத் தேடச் சொல்வது வெறும் சடங்குக்காக அன்று. போர், வெளி ஆக்கிரமிப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டுமே 358ஆம் பிரிவு பொருந்தும். ஆயுதக் கிளர்ச்சியைக் காரணமாகச் சொன்ன பிரகடனம் நடப்பில் இருந்தால், 19ஆம் பிரிவு தானாகத் தளராது. வினாவில் "ஆயுதக் கிளர்ச்சி" என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டு, மாணவர் 358ஆம் பிரிவை எடுத்து எழுதுகிறாரா என்று பார்ப்பது வினா அமைப்பவர்களுக்குப் பழக்கமான ஒன்று.

காலத்தைப் பார்ப்பதற்கும் அதே அளவு காரணம் உண்டு. இந்தியாவில் இதுவரை மூன்று பிரகடனங்களே வந்துள்ளன: 1962 அக்டோபரில் சீனப் போரின்போது, 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது, பின்னர் 1975 ஜூனில். கடைசி இரண்டும் 1977 மார்ச் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டன. 44ஆவது திருத்தம் மாற்றியமைத்த வாசகங்கள் 1979 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பின் 352ஆம் பிரிவின் கீழ் எந்தப் பிரகடனமும் வரவில்லை. ஆகவே 358, 359 ஆகிய பிரிவுகளைப் பற்றி நாம் படிக்கும் முதன்மையான தீர்ப்புகள் அனைத்தும் பழைய வாசகத்தைப் பொருள்கொண்டவை. அவற்றை மேற்கோள் காட்டும்போது, அந்தத் தீர்ப்பின் எந்தப் பகுதி திருத்தத்துக்குப் பின்னும் நிற்கிறது, எந்தப் பகுதி நிற்கவில்லை என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகச் சிலர். ஆனால் பாடம் புரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

19ஆம் பிரிவு மீறப்பட்டதாகச் சொன்னால் 358ஐத் திறவுங்கள்

பேச்சுரிமை, கூடும் உரிமை, நடமாடும் உரிமை, தொழில் செய்யும் உரிமை ஆகியவை மீறப்பட்டதாக ஒருவர் சொன்னால், 358ஆம் பிரிவு அரசைக் காக்கிறதா என்று பாருங்கள். போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பின் பேரில் பிரகடனம் நடப்பில் இருக்கும் வரை, 19ஆம் பிரிவு அரசின் சட்டமியற்றும் அதிகாரத்துக்கும் நிர்வாக நடவடிக்கைக்கும் தடையாக இருக்காது என்பது அதன் சாரம். இதற்குத் தனி ஆணை தேவையில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு நிபந்தனையற்றதன்று.

முதல் நிபந்தனையை 44ஆவது திருத்தம் எழுத்திலேயே வைத்துவிட்டது. சட்டமானது, அது இயற்றப்படும்போது நடப்பிலுள்ள நெருக்கடி நிலைப் பிரகடனம் தொடர்பானது என்று தன் வாசகத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நிர்வாக நடவடிக்கையானால், அத்தகைய வாசகம் உள்ள சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். போரைச் சாக்காகக் கொண்டு, போரோடு தொடர்பே இல்லாத சட்டங்களையும் 19ஆம் பிரிவின் சோதனையிலிருந்து தப்பவைக்கும் வழி இதனால் அடைக்கப்பட்டது.

இரண்டாவது நிபந்தனை தீர்ப்புகளிலிருந்து வருவது. பாதுகாப்பு கிடைப்பது பிரகடனத்துக்குப் பின் பிறந்த சட்டத்துக்கும், செல்லத்தக்க சட்டத்தின் அதிகாரத்தோடு எடுக்கப்படும் நடவடிக்கைக்கும் மட்டுமே. மத்தியப் பிரதேச அரசு எதிர் தாக்கூர் பாரத் சிங் என்ற 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு மிகத் தெளிவான சான்று. 1963இல், சீனப் போரின் பிரகடனம் நடப்பில் இருந்தபோது, ஒருவர் ராய்ப்பூர் மாவட்டத்தில் இருக்கக் கூடாது, ஜாபுவா நகரில் போய்த் தங்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட்டது. ஆணைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட மாநிலப் பொதுப் பாதுகாப்புச் சட்டமோ 1959இல் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் தொடர்புடைய பகுதி 19ஆம் பிரிவுக்கு முரணாக இருந்ததால் பிறக்கும்போதே செல்லாததாகிவிட்டது. பின்னால் வந்த பிரகடனம் அதற்கு உயிர் கொடுக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் துணை இல்லாமல், நிர்வாக அதிகாரத்தை மட்டும் வைத்து ஒருவருக்குப் பாதகமாக நடக்க அரசுக்கு உரிமை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. பழைய வாசகத்தின் கீழ் வந்த தீர்ப்பாக இருந்தாலும், இது இன்றைய வாசகத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது. ஆகவே தயக்கமின்றி மேற்கோள் காட்டலாம்.

மற்ற உரிமைகளுக்கு 359: ஆணையின் சொற்களைப் படியுங்கள்

14ஆம் பிரிவு, 22ஆம் பிரிவு போன்றவை மீறப்பட்டதாக ஒருவர் சொன்னால், 359ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்திருக்கிறாரா என்பதே கேள்வி. ஆணை இல்லையென்றால் அந்த உரிமைகள் அப்படியே இருக்கின்றன. ஆணை இருந்தால், அதில் பெயர் சொல்லப்பட்ட உரிமைகளை நிலைநாட்டக் கோரி நீதிமன்றத்தை அணுகும் உரிமை மட்டும் நின்றுபோகும். நிலுவையில் உள்ள வழக்குகளும் அப்படியே நிற்கும். எந்தக் காரணத்தின் பேரில் வந்த பிரகடனமானாலும் 359 பொருந்தும் என்பதை 358ஓடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணை நாடு முழுவதுக்கும் இருக்கலாம், ஒரு பகுதிக்கு மட்டும் இருக்கலாம். பிரகடனக் காலம் முழுவதற்கும் இருக்கலாம், அதைவிடக் குறைந்த காலத்துக்கும் இருக்கலாம். 20, 21 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் எந்த ஆணையிலும் சேர்க்க முடியாது.

இந்தக் கடைசி விலக்கு எப்படி வந்தது என்று அறிய, இரண்டு ஆணைகளின் சொற்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1962ஆம் ஆண்டின் ஆணை, இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் கீழோ அதன்கீழ் ஆக்கப்பட்ட விதி அல்லது ஆணையின் கீழோ உரிமை பறிக்கப்பட்டவர்களை மட்டுமே நீதிமன்றத்திலிருந்து விலக்கியது. அந்த நிபந்தனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மக்கன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், தடுப்புக் காவல் ஆணை தீய நோக்கத்தோடு பிறப்பிக்கப்பட்டது என்றோ, சட்டத்தின் கட்டாய விதிகள் பின்பற்றப்படவில்லை என்றோ, அதிகாரம் அளவுக்கு மீறி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றோ சொல்லி வருபவருக்கு நீதிமன்றத்தின் கதவு மூடப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். அப்படி வருபவர் அடிப்படை உரிமையை நிலைநாட்டக் கோரவில்லை. அரசு தன் சட்டத்தையே மீறிவிட்டது என்று சொல்கிறார்.

1975 ஜூன் 27 அன்று வந்த ஆணையில் அந்த நிபந்தனை இல்லை. 14, 21, 22 ஆகிய பிரிவுகளை நிலைநாட்ட எவருமே எந்த நீதிமன்றத்தையும் அணுக முடியாது என்று அது பொதுவாகச் சொன்னது. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, காவல் ஆணை சட்டத்துக்கு முரணானது என்றோ தீய நோக்கம் கொண்டது என்றோகூட ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று முடிவு செய்தது. ஐவரில் நால்வரின் முடிவு அது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கும் அதிகாரம் அரசுக்கு எப்போதுமே இல்லை என்பதும், அந்தக் கொள்கை 21ஆம் பிரிவுக்கு முன்பே இருந்தது என்பதும் அவருடைய நிலை. 44ஆவது திருத்தம் 20, 21 ஆகிய பிரிவுகளை ஆணையின் எல்லைக்கு வெளியே வைத்தது இந்தத் தீர்ப்புக்கு நாடாளுமன்றம் தந்த பதில். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று நீக்கியது. இன்றும் சில கையேடுகள் சிவகாந்த் சுக்லா தீர்ப்பை நடப்புச் சட்டம்போல அச்சிடுகின்றன; அதை அப்படியே எழுதினால் விடை முழுவதும் பிழையாகிவிடும்.

இங்கே நுட்பமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 359இன் முதல் உட்பிரிவு நீதிமன்றத்தை அணுகும் உரிமையைத் தொடுகிறது. அதற்குப் பின் சேர்க்கப்பட்ட 1ஏ உட்பிரிவு, ஆணையில் குறிப்பிட்ட உரிமை அரசின் அதிகாரத்துக்கே தடையாகாது என்கிறது. பிரகடனத்தோடு தொடர்பைச் சொல்லும் வாசகம் சட்டத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த 1ஏ உட்பிரிவுக்கு மட்டுமே இடப்பட்டிருக்கிறது. ஆகவே வாசகம் இல்லாத சட்டம் ஒன்றைப் பொறுத்தவரை, ஆணை நடப்பில் உள்ளவரை அந்த உரிமையின் பேரில் வழக்குப் போட முடியாமல் இருக்கலாம். ஆனால் சட்டம் செல்லத்தக்கதாகிவிடாது என்பதே பிரிவின் சொற்களிலிருந்து நான் கொள்ளும் பொருள். தொடக்க நிலையில் இதை ஒரு வரியில் தொட்டுச் சென்றால் போதும்.

ஒரு வினாவை எடுத்துச் செய்து பார்ப்போம்

கற்பனையான வினா இது. வெளி ஆக்கிரமிப்பைக் காரணம் காட்டி நாடு முழுவதுக்கும் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டு, இரு அவைகளின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அதன் பின் நாடாளுமன்றம் ஒரு கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றுகிறது. நடப்பிலுள்ள பிரகடனம் தொடர்பானது என்ற வாசகம் அதில் இருக்கிறது. கடற்பகுதிகளை மூடவும், சந்தேகத்துக்குரியவர்களைத் தடுப்புக் காவலில் வைக்கவும் மாவட்ட ஆட்சியருக்கு அது அதிகாரம் அளிக்கிறது. காவலுக்கான காரணங்களைப் பத்து நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 14, 22 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு 359ஆம் பிரிவின் கீழ் ஓர் ஆணையும் வந்திருக்கிறது. மூவர் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். தேவனாம்பட்டினம் மீனவர் ஒருவர், ஆட்சியர் கடற்பகுதியை மூடியதால் தன் தொழில் உரிமை மீறப்பட்டது என்கிறார். புதுச்சேரியில் ஓர் அச்சக உரிமையாளர், பிரகடனத்துக்கு ஈராண்டுகளுக்கு முன் வந்த வேறொரு சட்டத்தின் கீழ் தன் அச்சகம் பூட்டப்பட்டதாகச் சொல்கிறார். கடலூர் மத்திய சிறையில் இருக்கும் ஒருவர், தன்னைக் காவலில் வைக்கும் ஆணையில் ஆட்சியருக்குப் பதிலாக வட்டாட்சியர் கையெழுத்திட்டிருக்கிறார் என்றும், ஒரு மாதமாகியும் காரணங்கள் தரப்படவில்லை என்றும் மனுச் செய்கிறார்.

மீனவரின் கோரிக்கை 19ஆம் பிரிவின் மீது நிற்கிறது. காரணம் வெளி ஆக்கிரமிப்பு, சட்டம் பிரகடனத்துக்குப் பின் வந்தது, தேவையான வாசகம் இருக்கிறது, ஆட்சியரின் நடவடிக்கை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது. நான்கும் பொருந்துவதால் 358 அரசைக் காக்கும். கட்டுப்பாடு நியாயமானதா என்ற வழக்கமான சோதனை இப்போது எழாது. மீனவர் தோற்பார் என்று எழுதத் தயங்காதீர்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், மூடப்பட்ட பகுதி சட்டம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்ற கேள்வியை அவர் இன்னும் எழுப்பலாம் என்று சேர்த்து எழுதுங்கள். அது 19ஆம் பிரிவைச் சாராத வாதம்.

அச்சக உரிமையாளரின் நிலை வேறு. அவரை முடக்கிய சட்டம் பிரகடனத்துக்கு முந்தியது. பிரகடனத்தைக் குறிக்கும் வாசகம் அதில் இருக்க வழியே இல்லை. 358இன் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. பேச்சுரிமைக்கு 19ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளுக்குள் அந்தச் சட்டமும் ஆணையும் அடங்குகின்றனவா என்று, அமைதிக் காலத்தில் பார்ப்பதைப் போலவே நீதிமன்றம் பார்க்கும். பாரத் சிங் தீர்ப்பை இங்கே பயன்படுத்துங்கள். 359ஆம் பிரிவின் ஆணையில் 19 குறிப்பிடப்படவில்லை என்பதால் வழக்குத் தொடுக்கவும் தடையில்லை. புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றமே உயர் நீதிமன்றம் என்பதால் அங்கே 226ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். அதற்காக அவர் வென்றே தீருவார் என்று எழுதிவிடக் கூடாது. நெருக்கடி நிலை அரசுக்குக் கூடுதல் கவசம் எதையும் தரவில்லை என்பது வரைதான் நம் முடிவு. மீதி, அந்தச் சட்டத்தின் விவரங்களைப் பொறுத்தது.

சிறையில் இருப்பவருடைய மனுவில்தான் பெரும்பாலான விடைகள் தடுமாறுகின்றன. 22ஆம் பிரிவு ஆணையில் இருக்கிறது. ஆகவே காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு தரும் பாதுகாப்புகளை அதன் பேரில் அவர் கேட்க முடியாது. அங்கேயே விடையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் காரணங்களைப் பத்து நாட்களுக்குள் தர வேண்டும் என்று சொல்வது கடலோரப் பாதுகாப்புச் சட்டமே. அந்தக் கடமை அடிப்படை உரிமையிலிருந்து வரவில்லை; சட்டத்திலிருந்து வருகிறது. ஆட்சியருக்கு மட்டும் அளிக்கப்பட்ட அதிகாரத்தை வட்டாட்சியர் செலுத்தியதும் அந்தச் சட்டத்தின் மீறலே. மக்கன் சிங் தீர்ப்பு திறந்து வைத்த கதவு இது. இதற்கும் மேலாக, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது என்று சொல்லும் 21ஆம் பிரிவு எந்த ஆணையாலும் தொடப்பட முடியாதது. தவறான அதிகாரி கையெழுத்திட்ட காவல் அந்த நடைமுறைப்படி அமைந்ததன்று. ஆட்கொணர்வு மனு ஏற்கப்பட்டு அவர் விடுவிக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள். 1976இல் இதே மனு தள்ளுபடியாகியிருக்கும் என்பதையும், இன்று ஏன் ஆகாது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்தால் விடை நிறைவாகும்.

ஒரு கடினமான இடம் இருக்கிறது. மேனகா காந்தி வழக்குக்குப் பின் 21ஆம் பிரிவின் "நடைமுறை" என்பது நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும். அந்தத் தரம் 14, 19 ஆகிய பிரிவுகளோடு இணைத்துப் பெறப்பட்டது. 14 ஆணையால் நிற்க, 19ஐ 358 தளர்த்திவிட்ட காலத்தில், 21 அந்த முழு வலிமையோடு நிற்குமா, அல்லது ஏதோ ஒரு சட்ட நடைமுறை இருந்தாலே போதுமா என்ற கேள்வி நெருக்கடி நிலை ஒன்றில் இன்னும் தீர்ப்புக்கு வந்ததில்லை. 21ஐ விலக்கி வைத்ததன் நோக்கமே வீணாகிவிடும் என்பதால் முழு வலிமையோடு நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் விடையில் இதை முடிந்த சட்டமாக எழுதாமல் வாதமாகவே எழுத வேண்டும்.

அதே வினாவை மாற்றிக் கேட்டால்

காரணம் ஆயுதக் கிளர்ச்சி என்று மாறினால், அச்சக உரிமையாளரின் விடையும் சிறையாளியின் விடையும் முடிவில் மாறாது. மீனவரின் விடை தலைகீழாகும். 358 இல்லாததால் கடற்பகுதியை மூடியது பொது நலனுக்கான நியாயமான கட்டுப்பாடுதானா என்று அரசு மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். 359இன் ஆணையில் 19ஐயும் சேர்த்திருந்தால் மட்டுமே அரசு அந்தச் சோதனையிலிருந்து தப்பும்.

பிரகடனம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் என்று மாறினால், கடலூர்க் கடலை மூடுவதற்கு 358 உதவுமா என்று கேட்பார்கள். பிரகடனம் நடப்பில் இல்லாத மாநிலத்திலும், பிரகடனம் உள்ள பகுதியில் நடக்கும் செயல்களாலோ அது தொடர்பான செயல்களாலோ நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் இருக்குமானால், அந்த அளவுக்குப் பாதுகாப்பு நீளும் என்று அந்தப் பிரிவின் நிபந்தனை வாசகம் சொல்கிறது. அந்தத் தொடர்பை வினாவின் விவரங்களிலிருந்து காட்ட முடிந்தால் மீனவர் தோற்பார். காட்ட முடியாவிட்டால் வெல்வார்.

பிரகடனம் திரும்பப் பெறப்பட்ட பின் மீனவர் வந்தால், 19ஆம் பிரிவோடு முரண்படும் அளவுக்கு அந்தச் சட்டம் அன்றே செயலிழந்துவிட்டது. அதற்குப் பின் ஆட்சியர் பிறப்பிக்கும் புதிய தடை வழக்கமான சோதனைக்கு உட்படும். ஆனால் முன்பு மூடப்பட்டிருந்த மாதங்களில் இழந்த வருமானத்தை 19ஆம் பிரிவின் பேரில் அவர் கேட்க முடியாது. சட்டம் செயலிழப்பதற்கு முன் செய்யப்பட்டவற்றை 358 காப்பாற்றி வைத்திருக்கிறது.